வெட்டுக்கோட்டு முறையின் ஒருங்குதல் வரிசையில் பொன் விகிதம் எங்கிருந்து வருகிறது?

சமன்பாடுகளின் மூலத்தைப் படிப்படியாக நெருங்கிக் காணும் முறைகளைப் படிக்கும் மாணவர், நியூட்டன் முறையின் ஒருங்குதல் வரிசை 2 என்பதை எளிதில் ஏற்றுக்கொள்கிறார். அடுத்த பக்கத்தில் வெட்டுக்கோட்டு முறைக்கு அந்த வரிசை ஏறத்தாழ 1.618 என்று எழுதப்பட்டிருக்கும். அது (1 + √5)/2 என்னும் பொன் விகிதம் என்ற குறிப்பும் உடன் இருக்கும். ஒழுங்கு ஐங்கோணத்தின் மூலைவிட்டத்தோடும் ஃபிபனாச்சி எண்களோடும் தொடர்புடைய ஓர் எண், எந்தச் சார்பை எடுத்தாலும் அதன் மூலத்தை நெருங்கும் வேகமாக வந்து நிற்பதற்குக் காரணம் என்ன என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பொதுவான நிறுவலை முதலில் சொல்வதற்குப் பதிலாக, 2-இன் வர்க்கமூலத்தைக் காணும் ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கணக்கில் ஃபிபனாச்சி எண்கள் தோராயமாக அல்லாமல் அப்படியே வெளிப்படுகின்றன என்பதுதான் அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம்.

முதலில் முறையை நினைவுபடுத்திக்கொள்வோம். f(x) = 0 என்ற சமன்பாட்டின் மூலத்துக்கு அருகில் x₀, x₁ என்ற இரண்டு ஊகங்கள் நம்மிடம் இருக்கின்றன. சார்பின் வளைவரையில் இவற்றுக்குரிய இரண்டு புள்ளிகளையும் ஒரு நேர்கோட்டால் இணைக்கிறோம். வளைவரையை இரண்டு இடங்களில் வெட்டும் அந்தக் கோடே வெட்டுக்கோடு. அது x அச்சைச் சந்திக்கும் இடத்தை அடுத்த ஊகமாகிய x₂ என்று கொள்கிறோம். பிறகு x₀-ஐ விட்டுவிட்டு, x₁, x₂ ஆகிய இரண்டையும் கொண்டு அதே வேலையைத் திரும்பச் செய்கிறோம். வாய்பாடாக எழுதினால் அது இப்படி அமையும்:

```
x[n+1] = x[n] - f(x[n]) * (x[n] - x[n-1]) / (f(x[n]) - f(x[n-1]))
```

நியூட்டன் முறையில் வெட்டுக்கோட்டின் இடத்தில் தொடுகோடு இருக்கும். அதன் சாய்வைப் பெறச் சார்பின் வகைக்கெழு தேவைப்படும். வெட்டுக்கோட்டு முறைக்கு வகைக்கெழு தேவையில்லை. ஆனால் அது எப்போதும் கடைசி இரண்டு ஊகங்களையும் கையில் வைத்திருக்க வேண்டும். இந்த 'கடைசி இரண்டு' என்பதை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பொன் விகிதம் உள்ளே நுழையும் வாசல் அதுதான்.

ஒருங்குதல் வரிசை என்பது எதை அளக்கிறது என்பதையும் சொல்லிவிடுவது நல்லது. n-ஆம் ஊகத்துக்கும் உண்மையான மூலத்துக்கும் உள்ள வேறுபாட்டை eₙ என்று குறிப்போம், அதுவே பிழை. மூலத்தை நெருங்கும்போது ஒவ்வொரு படியிலும் |eₙ₊₁| என்பது ஏறத்தாழ K·|eₙ|ᵖ என்ற வடிவில் அமையுமானால், அந்த p என்ற அடுக்கே ஒருங்குதல் வரிசை ஆகும். இதைச் சரியான தசம இடங்களின் எண்ணிக்கையாகப் புரிந்துகொள்ளலாம். p = 1 என்றால், K ஒன்றைவிடச் சிறியதாக இருக்கும்போது, ஒவ்வொரு படியிலும் சரியான இடங்கள் ஒரு மாறாத அளவில் கூடிக்கொண்டு போகும். p = 2 என்றால் அவை ஒவ்வொரு படியிலும் இரட்டிக்கும். p = 1.618 என்றால் அவை ஒவ்வொரு படியிலும் சுமார் 1.618 மடங்காகும், 5 இடங்கள் 8 ஆகும், 8 இடங்கள் 13 ஆகும்.

இப்போது f(x) = x² − 2 என்று எடுத்துக்கொள்வோம். இந்தச் சார்புக்கு வாய்பாடு மிகவும் சுருங்கிவிடுகிறது. அடுத்தடுத்த இரண்டு ஊகங்கள் x, y எனில், f(x) − f(y) = x² − y² = (x − y)(x + y). ஆகவே மேலேயுள்ள (x − y) அடிபட்டுப்போய், புதிய ஊகம் x − (x² − 2)/(x + y), அதாவது (xy + 2)/(x + y) என்றாகிறது. கூட்டல், பெருக்கல், ஒரு வகுத்தல் ஆகியவை மட்டுமே மிஞ்சுகின்றன. 1, 2 ஆகியவற்றிலிருந்து தொடங்கினால் மூன்றாவது ஊகம் (1×2 + 2)/(1 + 2) = 4/3. அடுத்தது 2, 4/3 ஆகியவற்றிலிருந்து 7/5. அதற்கடுத்து 58/41, பிறகு 816/577, பிறகு 47321/33461. பின்னங்களாகவே கணக்கிட விரும்புவோர் பைத்தான் மொழியில் இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்:

```python
from fractions import Fraction
a, b = Fraction(1), Fraction(2)
for i in range(5):
    a, b = b, (a*b + 2) / (a + b)
    print(b)
```

இந்தக் கணக்கில் பிழை எப்படி மாறுகிறது என்று பார்ப்போம். புதிய ஊகத்திலிருந்து √2-ஐக் கழித்தால், தொகுதியில் xy + 2 − √2·x − √2·y கிடைக்கிறது. அது (x − √2)(y − √2) என்று அழகாகக் காரணிப்படுகிறது. ஆகவே

```
e[n+1] = e[n] * e[n-1] / (x[n] + x[n-1])
```

என்பது எந்தத் தோராயமும் இல்லாத சமன்பாடு. புதிய பிழை என்பது முந்தைய இரண்டு பிழைகளின் பெருக்கற்பலனை, ஏறத்தாழ 2√2 அளவுள்ள ஓர் எண்ணால் வகுத்தது. பிழைகளில் ஒன்று நூறில் ஒரு பங்காகவும் மற்றொன்று ஆயிரத்தில் ஒரு பங்காகவும் இருந்தால், அடுத்தது லட்சத்தில் ஒரு பங்கையும்விடச் சிறியதாகிவிடும். பெருக்கல் அமைந்துள்ள இடத்தில் அடுக்குகள் கூடும் என்பது நமக்குத் தெரியும். ஆனால் கீழே உள்ள xₙ + xₙ₋₁ படிக்குப் படி சற்று மாறுவதால் அந்தக் கூட்டல் கொஞ்சம் கலங்கலாகத் தெரிகிறது. அந்தக் கலங்கலை நீக்க எளிய வழி ஒன்று உண்டு.

புதிய ஊகத்தோடு √2-ஐக் கூட்டிப் பார்த்தால், அதே காரணிப்படுத்தலில் குறிகள் மட்டும் மாறி (x + √2)(y + √2)/(x + y) கிடைக்கிறது. எனவே பிழையை இந்தக் கூட்டுத்தொகையால் வகுத்தால் x + y முழுவதும் அடிபட்டுப்போகிறது. (xₙ − √2)/(xₙ + √2) என்ற விகிதத்தை rₙ என்று குறித்தால்,

```
r[n+1] = r[n] * r[n-1]
```

என்று மட்டுமே மிஞ்சுகிறது. மூலத்துக்கு அருகில் rₙ-இன் பகுதி ஏறத்தாழ 2√2 என்பதால், rₙ என்பது பிழையை 2.83-ஆல் வகுத்த எண் என்றே கொள்ளலாம். அதன் அடுக்குகளைப் பற்றிச் சொல்வது பிழையின் அடுக்குகளைப் பற்றிச் சொல்வதே ஆகும்.

இனித் தொடக்க எண்களைப் பொருத்திப் பார்ப்போம். x₁ = 2 எனில் r₁ = (2 − √2)/(2 + √2); பகுதியை விகிதமுறு எண்ணாக்கினால் அது 3 − 2√2, அதாவது சுமார் 0.17157. இதை q என்று அழைப்போம். x₀ = 1 எனில் r₀ = (1 − √2)/(1 + √2); இது −(3 − 2√2), அதாவது −q. குறியை விட்டுப் பார்த்தால் இரண்டு தொடக்க ஊகங்களும் ஒரே q-வின் முதல் அடுக்கில் நிற்கின்றன. இதற்கு மேல் நாம் செய்ய வேண்டியது அடுக்குகளைக் கூட்டிக்கொண்டு போவது மட்டுமே. r₂-இன் அடுக்கு 1 + 1 = 2. r₃-இன் அடுக்கு 1 + 2 = 3. அதன் பின் 5, 8, 13, 21. ஒவ்வோர் எண்ணும் தனக்கு முந்தைய இரண்டின் கூடுதலாக அமையும் இந்தத் தொடர்தான் ஃபிபனாச்சித் தொடர். வெட்டுக்கோட்டு முறையின் ஒவ்வொரு படியும் அந்தத் தொடரில் ஓர் எண் முன்னேறுகிறது.

இதை எண்களாகவும் பார்க்கலாம்:

```
n   x[n]                 e[n]             |r[n]|
0   1                   -4.14 x 10^-1     q^1
1   2                    5.86 x 10^-1     q^1
2   1.333333333         -8.09 x 10^-2     q^2
3   1.4                 -1.42 x 10^-2     q^3
4   1.414634146          4.21 x 10^-4     q^5
5   1.414211438         -2.12 x 10^-6     q^8
6   1.414213562057      -3.16 x 10^-10    q^13
7   1.4142135623730953   2.37 x 10^-16    q^21
```

இந்த அட்டவணையில் 816/577 என்ற ஐந்தாவது ஊகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனமில்லை. சுல்ப சூத்திரங்களில் வேள்வி மேடை அமைப்பதற்காகத் தரப்பட்டுள்ள √2-இன் மதிப்பு 1 + 1/3 + 1/(3×4) − 1/(3×4×34). அதைக் கூட்டினால் 577/408 வருகிறது. 2-ஐ அந்தப் பின்னத்தால் வகுத்தால் கிடைப்பது 816/577. ஒன்று √2-ஐவிடச் சற்றுப் பெரியது, மற்றொன்று சற்றுச் சிறியது. q-வின் எட்டாம் அடுக்கில் இரண்டும் மூலத்தின் இரு பக்கங்களில் நிற்கின்றன.

அடுக்குகள் ஃபிபனாச்சி எண்கள் என்று தெரிந்த பிறகு, ஒருங்குதல் வரிசையைப் பெறுவதற்கு ஒரு சிறு அடியே மிஞ்சுகிறது. |rₙ| என்பது q-வின் sₙ-ஆம் அடுக்கு என்று எழுதுவோம். |rₙ₊₁| = |rₙ|ᵖ என்று அமைய வேண்டுமானால் p என்பது sₙ₊₁/sₙ ஆக இருக்க வேண்டும். அடுத்தடுத்த ஃபிபனாச்சி எண்களின் விகிதங்கள் 2/1, 3/2, 5/3, 8/5, 13/8, 21/13 என்று போகின்றன; தசமத்தில் 2, 1.5, 1.667, 1.6, 1.625, 1.615. இவை ஒரு முறை மேலும் ஒரு முறை கீழுமாக ஊசலாடி ஓர் எண்ணில் அடங்குகின்றன. அந்த எண்ணைக் காண்பதும் எளிது. sₙ₊₁ = sₙ + sₙ₋₁ என்பதை sₙ-ஆல் வகுத்தால், புதிய விகிதம் = 1 + 1/(பழைய விகிதம்) என்றாகிறது. விகிதம் ஓர் இடத்தில் நிலைபெறும்போது புதியதும் பழையதும் ஒன்றே; ஆகவே p = 1 + 1/p, அதாவது p² = p + 1. இதன் நேர்மறைத் தீர்வு (1 + √5)/2 = 1.618… எதிர்மறைத் தீர்வான −0.618 நமக்கு ஒத்துவராது, ஏனெனில் விகிதங்கள் எல்லாம் நேர்மறை எண்கள்.

இதுவரை கண்டது ஓர் இருபடிச் சார்பின் தனிச் சிறப்பு மட்டுமே என்ற ஐயம் வாசகருக்கு எழுவது நியாயமானது. q, rₙ ஆகியவை இந்தச் சார்புக்கே உரியவை என்பது உண்மை. ஆனால் பிழைகளின் பெருக்கல் எல்லாச் சார்புகளுக்கும் பொதுவானது. மூலத்துக்கு மிக அருகில் எந்த மென்மையான சார்பையும் A·e + B·e² என்று எழுதலாம். இங்கு A என்பது மூலத்தில் சார்பின் முதல் வகைக்கெழு. B என்பது இரண்டாம் வகைக்கெழுவில் பாதி. e என்பது மூலத்திலிருந்து உள்ள தூரம். இதற்கு மேற்பட்ட உறுப்புகள் மூலத்தை நெருங்க நெருங்கப் புறக்கணிக்கத் தக்கவை. இந்த வடிவத்தில் வெட்டுக்கோட்டின் சாய்வு A + B(eₙ + eₙ₋₁). அதை வாய்பாட்டில் பொருத்திச் சுருக்கினால் A·eₙ, B·eₙ² ஆகிய இரண்டு உறுப்புகளும் நீங்கி,

```
e[n+1] = B * e[n] * e[n-1] / (A + B*(e[n] + e[n-1]))
```

என்று கிடைக்கிறது. வெட்டுக்கோடு நேர்கோடாக இருப்பதால் சார்பின் நேர்ப்பகுதியை அது முழுமையாகச் சரிசெய்துவிடுகிறது. வளைவினால் வரும் பகுதி மட்டுமே பிழையாக மிஞ்சுகிறது. அந்த வளைவை அது இரண்டு புள்ளிகளில் தொட்டுப் பார்த்திருப்பதால்தான் மிஞ்சுவதில் இரண்டு புள்ளிகளின் பிழைகளும் காரணிகளாக நிற்கின்றன. பிழைகள் சிறியவையாக இருக்கும்போது பகுதி A-வாகவே ஆகிவிடுகிறது; எனவே eₙ₊₁ ≈ C·eₙ·eₙ₋₁, இங்கு C = B/A. இருபுறமும் C-ஆல் பெருக்கினால், C·eₙ₊₁ என்பது C·eₙ, C·eₙ₋₁ ஆகிய இரண்டின் பெருக்கற்பலன். மடக்கை எடுத்தால் அது மீண்டும் முந்தைய இரண்டையும் கூட்டும் அதே விதி. தொடக்க எண்கள் ஃபிபனாச்சித் தொடரின் 1, 1 ஆக இல்லாமல் வேறு எந்த நேர்மறை எண்களாக இருந்தாலும், 'முந்தைய இரண்டையும் கூட்டு' என்ற விதியில் வளரும் தொடரின் அடுத்தடுத்த விகிதம் பொன் விகிதத்தில்தான் போய் நிற்கும். ஆகவே வரிசை 1.618 என்பது சார்பைப் பொறுத்ததன்று. இரண்டு பழைய பிழைகள் பெருக்கப்படுகின்றன என்ற அமைப்பைப் பொறுத்தது. முன்பு குறிப்பிட்ட K மட்டுமே சார்பைப் பொறுத்தது. அது |C|-இன் 0.618-ஆம் அடுக்கு.

மற்ற இரண்டு முறைகளை இதே கணக்கில் வைத்துப் பார்த்தால் இந்த அமைப்பு இன்னும் தெளிவாகிறது. நியூட்டன் முறையில் x, y இரண்டும் ஒன்றே என்று கொண்டால் போதும்; rₙ₊₁ = rₙ² என்றாகி, 2-இலிருந்து தொடங்கும்போது அடுக்குகள் 1, 2, 4, 8, 16 என்று இரட்டிக்கின்றன. மூலம் எப்போதும் இரண்டு ஊகங்களுக்கு நடுவில் இருக்குமாறு பார்த்துக்கொள்ளும் ரெகுலா ஃபால்சி முறையில், இந்தக் கணக்கில் 2 என்ற முனை ஒருபோதும் மாறாமல் நிலைத்துவிடுகிறது. எனவே ஒவ்வொரு படியிலும் r ஆனது அதே q-ஆல் பெருக்கப்பட்டு, அடுக்குகள் 2, 3, 4, 5 என்று ஒவ்வொன்றாகவே கூடுகின்றன. அது 4/3, 7/5 வரை வெட்டுக்கோட்டு முறையோடு சேர்ந்தே வந்து, அதன் பின் 24/17 என்று பிரிந்துவிடுகிறது. பழைய ஊகத்தை விடாமல் பிடித்துக்கொண்டால் வரிசை 1. கடைசி இரண்டை மட்டும் வைத்துக்கொண்டால் 1.618; கடைசி ஒன்றையே இரு முறை பயன்படுத்தினால் 2.

2 என்பது 1.618-ஐவிடப் பெரியது என்பதால் நியூட்டன் முறையே எப்போதும் விரைவானது என்று முடிவு செய்துவிடக் கூடாது. நியூட்டன் முறையின் ஒவ்வொரு படிக்கும் சார்பின் மதிப்பு ஒன்று, வகைக்கெழுவின் மதிப்பு ஒன்று என இரண்டு கணக்கீடுகள் தேவை. வெட்டுக்கோட்டு முறையில் f(xₙ₋₁) முந்தைய படியிலேயே கணக்கிடப்பட்டுவிட்டதால் ஒவ்வொரு படிக்கும் ஒரு புதிய கணக்கீடு போதும். நம் கணக்கில் ஆறு கணக்கீடுகளுக்குப் பின் நியூட்டன் முறை q-வின் 8-ஆம் அடுக்கில் இருக்கும். வெட்டுக்கோட்டு முறை 13-ஆம் அடுக்கை எட்டியிருக்கும். பத்துக் கணக்கீடுகளுக்குப் பின் அவை முறையே 32, 89. இரண்டு வெட்டுக்கோட்டுப் படிகள் சேர்ந்தால் வரிசை 1.618-இன் வர்க்கமாகிய 2.618 ஆகிறது என்பதே இதன் பின்னணி. x² − 2-க்கு வகைக்கெழு வெறும் 2x என்பதால் இங்கே இந்த ஒப்பீட்டுக்குப் பெரிய பொருளில்லை. ஆனால் சார்பின் ஒரு மதிப்பைப் பெறவே நெடுநேரம் கணினி ஓட வேண்டிய கணக்குகளில் அது முடிவைத் தீர்மானிக்கும். வகைக்கெழுவைக் கணக்கிடும் செலவு சார்பைக் கணக்கிடும் செலவில் சுமார் 44 விழுக்காட்டுக்கு மேல் போனால், மூலத்துக்கு அருகில் வெட்டுக்கோட்டு முறையே இலாபமானது. log 2 / log 1.618 = 1.44 என்பதிலிருந்து அந்த எல்லை வருகிறது.

தாம் எழுதிய நிரலில் வரிசை உண்மையிலேயே 1.618 ஆக இருக்கிறதா என்று சோதிக்க விரும்புவோர் பொதுவாக அடுத்தடுத்த பிழைகளின் மடக்கைகளை எடுத்து, அவற்றின் வேறுபாடுகளின் விகிதத்தைக் கணக்கிடுவார்கள். மேலுள்ள அட்டவணையின் கடைசி நான்கு பிழைகளுக்கு அதைச் செய்தால், முதலில் 1.67, பிறகு 1.60 வரும். 1.618-ஐ எதிர்பார்த்தவருக்கு நிரலில் ஏதோ கோளாறு என்று தோன்றலாம். கோளாறு எதுவும் இல்லை. அவை 5/3, 8/5 என்ற ஃபிபனாச்சி விகிதங்களே. அவை இப்படி மேலும் கீழுமாக ஊசலாடுவதுதான் முறை சரியாக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். இரட்டைத் துல்லியக் கணிதத்தில் இந்த விகிதம் நன்றாக அடங்கும்வரை காத்திருக்கவும் முடியாது. ஏழாவது ஊகத்திலேயே பிழை 10⁻¹⁶ அளவுக்கு வந்துவிடுகிறது; √2-க்கு அருகில் கணினி வேறுபடுத்திக் காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளியும் ஏறத்தாழ அதுதான். அதற்கு மேல் ஓடவிட்டால் அடுத்தடுத்த இரண்டு ஊகங்களும் ஒன்றாகி, f(xₙ) − f(xₙ₋₁) சுழியமாகி, வகுத்தல் தோல்வியடையும். ஆகவே ஊகங்களின் வேறுபாடு ஒரு சிறு எல்லைக்குக் கீழே வந்ததும் நிரலை நிறுத்திவிட வேண்டும்.

தொடக்கத்திலேயே தோல்வியடைவதும் உண்டு. இதே சமன்பாட்டுக்கு −1, 1 ஆகிய இரண்டையும் ஊகங்களாகக் கொடுத்தால் இரண்டிலும் சார்பின் மதிப்பு −1. வெட்டுக்கோடு x அச்சுக்கு இணையாகிவிடுகிறது, அடுத்த ஊகம் என்று ஒன்று இல்லை. −1, 2 ஆகியவற்றைக் கொடுத்தாலோ, ஊகங்கள் 0, 1, 2, 4/3 என்று சற்று அலைந்துவிட்டு, நாம் முன்பு பார்த்த பாதையிலேயே வந்து சேர்கின்றன. அடுக்குகளின் மொழியில் அது −1, 1, 0, 1, 1, 2 என்று ஓடுவது. கூட்டல் விதி அங்கேயும் மாறவில்லை. 1.618 என்ற வேகம் மூலத்தின் அருகே சென்ற பிறகுதான் பொருந்தும். அங்கே போய்ச் சேருவோம் என்ற உறுதியை அந்த எண் தருவதில்லை. அதனால்தான் பயன்பாட்டில் உள்ள மென்பொருள்கள் வெட்டுக்கோட்டு முறையைத் தனியே விடாமல், பிரென்ட் முறை போன்ற அமைப்புகளில் இடைவெளியைப் பாதியாக்கும் முறையோடு சேர்த்துப் பயன்படுத்துகின்றன.

மேலே சொன்ன நிறுவலில் இரண்டு நிபந்தனைகள் மறைந்திருக்கின்றன. B சுழியமாக இருக்கக் கூடாது. A-யும் சுழியமாக இருக்கக் கூடாது. B சுழியமானால் நமக்கு நன்மையே. சைன் சார்பின் மூலமான 0-வில் இரண்டாம் வகைக்கெழு சுழியம். அங்கே புதிய பிழை ஏறத்தாழ −eₙ·eₙ₋₁·(eₙ + eₙ₋₁)/6. பழைய பிழையாகிய eₙ₋₁ பெரியது என்பதால் இது நடைமுறையில் eₙ·eₙ₋₁² என்ற அளவில் சுருங்குகிறது. அடுக்குகளின் விதி p² = p + 2 என்று மாறி, வரிசை 2 ஆகிவிடுகிறது.

A சுழியமாவது, அதாவது மூலம் இரட்டை மூலமாக இருப்பது, வேறு கதை. f(x) = x² என்ற மிக எளிய சார்பை எடுத்துக்கொண்டால் நம்முடைய பழைய வாய்பாட்டில் 2-க்குப் பதில் 0 வந்து, புதிய ஊகம் xy/(x + y) என்றாகிறது. இதைத் தலைகீழாக்கினால் 1/x + 1/y. அதாவது ஊகங்களின் தலைகீழிகள் இப்போது 'முந்தைய இரண்டையும் கூட்டு' என்ற விதியில் வளர்கின்றன. 1, 1/2 ஆகியவற்றிலிருந்து தொடங்கினால் ஊகங்கள் 1/3, 1/5, 1/8, 1/13, 1/21 என்று போகும். ஃபிபனாச்சி எண்கள் மீண்டும் வந்துவிட்டன. ஆனால் இம்முறை அவை அடுக்கில் இல்லை, பகுதியில் இருக்கின்றன. இந்த இடமாற்றம் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. பிழை ஒவ்வொரு படியிலும் 1/1.618, அதாவது 0.618 மடங்காக மட்டுமே குறைகிறது. வரிசை 1 ஆகிவிடுகிறது. ஒரு தசம இடத்தைக் கூடுதலாகப் பெறக் கிட்டத்தட்ட ஐந்து படிகள் வேண்டியிருக்கிறது. அதே பொன் விகிதம், முன்பு அடுக்காக நின்று தந்த வேகத்தை இங்கே வெறும் பெருக்கற்காரணியாக நின்று இழந்துவிடுகிறது.

நடைமுறையில் மூலம் எங்கே என்று முன்கூட்டித் தெரியாத நிலையிலும் இதை அடையாளம் காண முடியும். அடுத்தடுத்த படிகளின் நீளங்களை, அதாவது xₙ₊₁ − xₙ என்ற வேறுபாடுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் முந்தையதால் வகுத்துப் பார்க்க வேண்டும். மூலம் ஒற்றை மூலமாக இருந்தால் அந்த விகிதம் விரைவாகச் சுழியத்தை நோக்கிச் சரியும். சரியாமல் 0.618-ஐச் சுற்றியே நின்றுவிட்டால், அங்கே இருப்பது இரட்டை மூலம், 0.755-ஐச் சுற்றி நின்றால் மும்மடி மூலம். அப்படிக் கண்டால், வகைக்கெழு கிடைக்கும் பட்சத்தில் f-க்குப் பதிலாக f/f′ என்ற சார்புக்கு இதே முறையைப் பயன்படுத்தலாம். f-இன் இரட்டை மூலம் அந்தச் சார்புக்கு ஒற்றை மூலமாக அமைவதால், வரிசை குறைந்தது 1.618 என்ற பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது.